டிவியும் பல்பும் தனி வைஃபையில், போன் வேறு வைஃபையில்: இரண்டும் பேசிக்கொள்ள என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: வீட்டில் ஆறு ஸ்மார்ட் பல்பு, ஒரு ஆண்ட்ராய்டு டிவி, வாசலில் ஒரு வைஃபை கேமரா, கீசருக்கு ஒரு ஸ்மார்ட் பிளக் இருக்கின்றன. பாதுகாப்புக்காக எல்லாவற்றையும் ரூட்டரின் கெஸ்ட் வைஃபைக்கு மாற்றிவிட்டேன். பல்பும் கேமராவும் ஆப்பில் வேலை செய்கின்றன. ஆனால் டிவிக்கு காஸ்ட் பண்ணும் ஐகானே போனில் வரவில்லை, பிளக் எப்போதும் ஆஃப்லைன் என்கிறது. பிரித்தும் வைக்க வேண்டும், போனில் எல்லாம் இயங்கவும் வேண்டும். வழி இருக்கிறதா?

பதில்:

வழி இருக்கிறது. ஆனால் கெஸ்ட் வைஃபையை வைத்துக்கொண்டு முழுதாக முடியாது. ஏன் என்று புரிந்துவிட்டால் மீதி வேலை எளிது. அதனால் முதலில் உங்கள் வீட்டில் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம்.

போனிலிருந்து ஒரு பொருளை இயக்குவது வெளியே பார்க்க ஒரே வேலை மாதிரித் தெரியும். உள்ளே இரண்டு வழிகள் இருக்கின்றன. உங்கள் பல்பும் கேமராவும் போகும் வழி இணையம். நீங்கள் ஆப்பில் தொட்டதும் கட்டளை அந்த நிறுவனத்தின் சர்வருக்குப் போகிறது. பல்பு ஏற்கெனவே அதே சர்வரோடு ஒரு இணைப்பைத் திறந்து வைத்துக் காத்திருக்கிறது. கட்டளை அந்த இணைப்பு வழியாக வீட்டுக்குத் திரும்பி வருகிறது. போனும் பல்பும் வீட்டுக்குள் நேருக்கு நேர் பேசுவதே இல்லை. அதனால்தான் இரண்டும் வேறு வேறு வைஃபையில் இருந்தும் ஒன்றும் கெடவில்லை.

டிவிக்கு காஸ்ட் செய்வது அப்படி இல்லை. அங்கே போன் வீட்டுக்குள்ளேயே டிவியைத் தேடிப் பிடித்து நேராகப் பேசுகிறது. இதில் இரண்டு படிகள். முதல் படி தேடுதல்: "இங்கே காஸ்ட் வாங்கிக்கொள்ளும் பெட்டி யாராவது இருக்கிறீர்களா?" என்று போன் நெட்வொர்க் முழுவதற்கும் கேட்கும்படி ஒரு குரல் கொடுக்கிறது. டிவி தன் பெயரையும் ஐபி முகவரியையும் சொல்கிறது. அதற்குப் பிறகுதான் ஐகான் வருகிறது. இரண்டாம் படி பேசுதல்: நீங்கள் ஐகானைத் தொட்டதும் போன் அந்த முகவரியின் 8009 ஆம் போர்ட்டுக்கு நேரடி இணைப்பு போடுகிறது.

குரல் கொடுக்கும் முறைக்கு எம்டிஎன்எஸ் என்று பெயர். அந்தப் பாக்கெட் 224.0.0.251 என்ற முகவரிக்கு, யுடிபி 5353 ஆம் போர்ட்டில் போகிறது. 224.0.0 என்று தொடங்கும் முகவரிகள் எல்லாமே "இந்த நெட்வொர்க்குக்குள் மட்டும்" என்று ஒதுக்கப்பட்டவை. எந்த ரூட்டரும் அவற்றை அடுத்த நெட்வொர்க்குக்கு எடுத்துப் போகாது. எது போகலாம், எது கூடாது என்று ரூட்டரில் காவல் காக்கும் ஃபயர்வாலில் நீங்கள் எதைத் திறந்தாலும் போகாது. இந்த ஒரு விஷயம் தெரியாமல் ஃபயர்வால் விதிகளோடு மணிக்கணக்கில் மல்லுக்கட்டியவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன்.

ஆக, பிரிக்கும்போது தேடுதல் கட்டாயம் உடையும். பேசுதல் உடையுமா இல்லையா என்பது ஃபயர்வாலைப் பொறுத்தது. உங்கள் கெஸ்ட் வைஃபையில் இரண்டுமே அடைபட்டிருக்கின்றன. கெஸ்ட் வைஃபை விருந்தாளிக்காகச் செய்தது. இணையம் மட்டும் கிடைக்க வேண்டும், வீட்டில் வேறு எதையும் தொடக் கூடாது என்பதே அதன் நோக்கம். பெரும்பாலான ரூட்டர்களில் அதற்குள் போய் மாற்ற அமைப்பும் இருக்காது.

## முதலில் ஒரு சோதனை

எதையும் மாற்றுவதற்கு முன் ஒவ்வொரு பொருளும் எந்த வழியில் போகிறது என்று கண்டுபிடியுங்கள். போனில் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் ஆப்பைத் திறந்து பாருங்கள். பல்பு எரிந்தால் அதற்கு இணைய வழி இருக்கிறது. அப்புறம் போனை மறுபடி அந்தப் பொருள் இருக்கும் வைஃபைக்கே மாற்றி, மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, ரூட்டருக்கு வரும் இணைய கேபிளை இரண்டு நிமிடம் பிடுங்கி வையுங்கள். இந்தச் சோதனையைக் கெஸ்ட் வைஃபையில் செய்யாதீர்கள், அங்கே பொருள்கள் ஒன்றோடொன்று பேசவே விடாமல் பெரும்பாலும் தடுத்திருப்பார்கள். பொருளைத் தற்காலிகமாக வீட்டு வைஃபைக்குக் கொண்டுவந்து செய்யுங்கள். இப்போதும் எரிந்தால் வீட்டுக்குள்ளேயே நேராகப் பேசும் உள்வழியும் இருக்கிறது.

இணைய வழி மட்டும் உள்ள பொருளுக்கு நீங்கள் எதுவுமே செய்ய வேண்டாம். தனி வைஃபையில் போட்டுவிட்டு மறந்துவிடலாம். உள்வழி மட்டும் உள்ள டிவி, பிரிண்டர், சில பிளக்குகள் இவற்றுக்குத்தான் கீழே சொல்லும் வேலையெல்லாம். பெரும்பாலான வீடுகளில் இந்தப் பட்டியல் இரண்டு மூன்று பொருளோடு முடிந்துவிடும்.

## என்ன தேவை

இரண்டு தனி நெட்வொர்க்குகளைத் தானே உருவாக்கி, இடையில் எது போகலாம் என்று நீங்கள் சொல்ல அனுமதிக்கும் ஒரு ரூட்டர் தேவை. நான் வீட்டில், ரூட்டருக்கான திறந்த மூல மென்பொருளான ஓப்பன்டபிள்யூஆர்டி ஏற்றிய ரூட்டர் வைத்திருக்கிறேன். அதையே வைத்துச் சொல்கிறேன். வேறு ரூட்டர் வைத்திருந்தாலும் கருத்து ஒன்றுதான், பொத்தான்களின் பெயர்தான் மாறும்.

இணைய நிறுவனம் கொடுத்த ஃபைபர் பெட்டியின் வைஃபையை அணைத்துவிட்டு, அதன் லேன் போர்ட்டிலிருந்து ஒரு கேபிளை இந்த ரூட்டரில் இணையம் உள்ளே வரும் வேன் போர்ட்டுக்குக் கொடுங்கள். ஒரு சின்ன எச்சரிக்கை: ஃபைபர் பெட்டிகள் பலவும் 192.168.1.1 என்ற முகவரியில் இருக்கும், ஓப்பன்டபிள்யூஆர்டியும் அதே முகவரியோடுதான் வரும். இரண்டும் மோதினால் இணையமே வராது. அதனால் ரூட்டரின் உள் நெட்வொர்க்கை 192.168.10.1 என்று மாற்றிக்கொள்ளுங்கள். இது போன், லேப்டாப் இருக்கும் நெட்வொர்க். இதன் பெயர் `lan`.

அடுத்து `iot` என்ற பெயரில் இன்னொரு இன்டர்ஃபேஸ். `br-iot` என்று ஒரு பிரிட்ஜ் செய்து, 192.168.20.1 என்ற முகவரி கொடுத்து, பொருள்களுக்கு ஐபி முகவரி வழங்கும் டிஹெச்சிபி சர்வரை இயக்கிவிடுங்கள். வைஃபையில் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவில் இதற்கென ஒரு தனி எஸ்எஸ்ஐடி, அதாவது தனி வைஃபை பெயர், பாதுகாப்பு டபிள்யூபிஏ2. விலை குறைந்த பல்புகளிலும் பிளக்குகளிலும் இருக்கும் சிப்புகள் பெரும்பாலும் 5 கிகாஹெர்ட்ஸில் சேராது. டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்தாலும் பல சேராது.

இங்கே ஒரு உபயோகமான தந்திரம் உண்டு. உங்கள் வீட்டுப் பழைய வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும் அப்படியே `iot` வைஃபைக்குக் கொடுத்துவிடுங்கள். போனுக்கும் லேப்டாப்புக்கும் புதுப் பெயரில் ஒரு வைஃபை வையுங்கள். பல்பை ஐந்து முறை அணைத்துப் போட்டு, அது மினுக்குவதைப் பார்த்து மறுபடி சேர்க்கும் வேலை பெரும்பாலும் மிச்சமாகும். பொருள்கள் தாமாகப் பழைய பெயரைத் தேடி வந்து புதிய நெட்வொர்க்கில் உட்கார்ந்துவிடும். போனில் மட்டும் அந்தப் பழைய வைஃபையை மறக்கச் செய்துவிடுங்கள், இல்லாவிட்டால் அது அங்கேயே போய் ஒட்டிக்கொள்ளும். நீங்கள் ஏற்கெனவே கெஸ்ட்டுக்கு மாற்றிவிட்டதால் கெஸ்ட் வைஃபையின் பெயரைக் கொடுங்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

## ஒரு பக்கம் மட்டும் திறக்கும் கதவு

இப்போது ஃபயர்வால். நமக்கு வேண்டியது இது: போனிலிருந்து டிவிக்குப் பேச்சு தொடங்கலாம். டிவியிலிருந்து போனுக்குத் தொடங்கக் கூடாது. ஆனால் போன் தொடங்கிய பேச்சுக்கு டிவி பதில் சொல்லலாம். இந்தக் கடைசிப் பகுதிக்குத் தனி விதி வேண்டாம். யார் தொடங்கியது என்று ஃபயர்வால் ஞாபகம் வைத்துக்கொண்டு பதிலைத் தானே விட்டுவிடும். பதில் வரவேண்டுமே என்று நினைத்து `iot`-இலிருந்து `lan`-க்கும் வழி திறந்துவிடுபவர்கள் உண்டு. அப்படித் திறந்தால் பிரித்ததே வீண்.

`/etc/config/firewall` கோப்பின் கடைசியில் சேர்க்க வேண்டியது:

```
config zone
	option name 'iot'
	list network 'iot'
	option input 'REJECT'
	option output 'ACCEPT'
	option forward 'REJECT'

config forwarding
	option src 'iot'
	option dest 'wan'

config forwarding
	option src 'lan'
	option dest 'iot'

config rule
	option name 'iot-basic'
	option src 'iot'
	option proto 'tcp udp'
	option dest_port '53 67 5353'
	option target 'ACCEPT'
```

`input 'REJECT'` என்பது இந்தப் பொருள்கள் ரூட்டரையே தொடக் கூடாது என்கிறது. ரூட்டரின் அமைப்புப் பக்கம் அவற்றுக்குத் திறக்காது. ஆனால் முழுதாக அடைத்துவிட்டால் ஐபி முகவரிகூட வாங்க முடியாதே. அதற்காகத்தான் கடைசி விதி: 67 முகவரி வாங்க, 53 பெயரை முகவரியாக மாற்ற, 5353 தேடுதலுக்கு. இந்த 5353-ஐ விட்டுவிட்டு, அடுத்த படி ஏன் வேலை செய்யவில்லை என்று நானே ஒரு மாலை முழுக்கத் தேடியிருக்கிறேன். டிவியின் பதில் ரூட்டர் வரை வந்து அங்கேயே நிராகரிக்கப்பட்டுக்கொண்டிருந்தது.

ஃபயர்வாலை மறுபடி தொடங்கினால் இதோடு பேசுதல் சரியாகிவிடும். போனில் ஐபி முகவரியைத் தட்டச்சு செய்ய இடமுள்ள ஆப்கள் எல்லாம் இப்போதே வேலை செய்யும். பிரிண்டரும் முகவரி கொடுத்துச் சேர்த்தால் வேலை செய்யும். அதனால் இந்தப் பொருள்களுக்கு ரூட்டரில் நிலையான முகவரி ஒதுக்கிவிடுங்கள். அமைப்பில் அதன் பெயர் `Static Leases`.

## குரலை அடுத்த அறைக்குக் கொண்டு போவது

காஸ்ட் ஐகானுக்கு முகவரியைத் தட்டச்சு செய்ய வழியில்லை. அது தேடிக் கிடைத்தால்தான் வரும். ரூட்டர் அந்தக் குரலை எடுத்துப் போகாது என்று பார்த்தோம். அதற்குத் தீர்வு, ரூட்டருக்குள்ளேயே ஒரு சின்ன நிரலை உட்கார வைப்பது. அது இரண்டு நெட்வொர்க்கிலும் காது வைத்து, ஒரு பக்கம் கேட்டதை மறு பக்கம் தன் குரலில் திருப்பிச் சொல்லும். இதற்கு ரிஃப்ளெக்டர் என்று பெயர். லினக்ஸில் பல வருடங்களாக இருக்கும் அவாஹி இதைச் செய்யும். `avahi-nodbus-daemon` என்ற பொதியை நிறுவிவிட்டு `/etc/avahi/avahi-daemon.conf` கோப்பில் இந்த வரிகள் இருக்கும்படி செய்யுங்கள். அதே பகுதிகள் ஏற்கெனவே இருந்தால் அவற்றையே திருத்துங்கள்:

```
[server]
use-ipv4=yes
use-ipv6=no
allow-interfaces=br-lan,br-iot

[reflector]
enable-reflector=yes
```

`allow-interfaces` வரியைத் தவறாமல் எழுதுங்கள். அது இல்லாவிட்டால் இணையம் வரும் வேன் பக்கமும் வீட்டுப் பொருள்களின் பெயரை அது சொல்லிக்கொண்டிருக்கக் கூடும். இன்னொன்று, வீட்டில் ஒரே ஒரு ரிஃப்ளெக்டர்தான் இருக்க வேண்டும். இரண்டு இருந்தால் ஒன்று சொன்னதை மற்றது திருப்பிச் சொல்லி, அதை முதலாவது மறுபடி சொல்லி, நெட்வொர்க் முழுக்க அந்தப் பாக்கெட்டுகள்தான் ஓடும்.

சேவையை மறுபடி தொடங்கிவிட்டு, போனில் வைஃபையை ஒரு முறை அணைத்துப் போடுங்கள். இது முக்கியம். எம்டிஎன்எஸ் பதில்களைப் போன் சிறிது நேரம் நினைவில் வைத்திருக்கும். தரநிலையின் பரிந்துரைப்படி முகவரி 120 விநாடி, சேவையின் பெயர் 75 நிமிடம் வரை. அதனால் இப்போது இல்லாத டிவியின் ஐகான் தெரியலாம், சரியாகிவிட்ட பிறகும் தெரியாமல் இருக்கலாம். அணைத்துப் போட்ட பிறகு தெரிவதை மட்டும் நம்புங்கள்.

லினக்ஸ் லேப்டாப் இருந்தால் போனை நம்பவே வேண்டாம். `lan` வைஃபையில் இருந்துகொண்டு இதை ஓட்டுங்கள்:

```
avahi-browse -rt _googlecast._tcp
```

டிவியின் பெயரோடு 192.168.20 என்று தொடங்கும் முகவரி வந்தால் குரல் சுவரைத் தாண்டிவிட்டது.

## ஐகான் என்ன சொல்கிறது என்று கவனியுங்கள்

கோளாறு வந்தால் எங்கே என்று கண்டுபிடிக்க டிவி முன்னால் நின்றுகொண்டு ஐகானைப் பார்த்தாலே போதும். ஐகானே வராவிட்டால் தேடுதலில் சிக்கல். ரிஃப்ளெக்டரையும் 5353 விதியையும் பாருங்கள். போனில் விபிஎன் ஓடுகிறதா என்றும் பாருங்கள், அது பல நேரம் வீட்டுக்குள் தேடுவதையே தடுத்துவிடும். ஐபோனாக இருந்தால் அமைப்புகளில் `Local Network` அனுமதி அந்த ஆப்புக்குக் கொடுத்திருக்கிறதா என்று பாருங்கள். ஐஓஎஸ் 14 முதல் அந்த அனுமதி இல்லாமல் எந்த ஆப்பும் வீட்டுக்குள் தேட முடியாது. முதல் முறை கேட்கும்போது அவசரத்தில் வேண்டாம் என்று தட்டிவிட்டு மறந்துபோவது மிகச் சாதாரணம்.

ஐகான் வருகிறது, தொட்டால் சுற்றிக்கொண்டே இருந்து தோற்கிறது என்றால் தேடுதல் சரி, பேசுதலில் சிக்கல். `lan`-இலிருந்து `iot`-க்கான `forwarding` இருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது வகைதான் பலரைக் குழப்பும். யூடியூப் அழகாக டிவிக்குப் போகிறது, ஆனால் போனில் எடுத்த கல்யாண வீடியோவை அனுப்பினால் வருவதில்லை. காரணம் இது: யூடியூபை காஸ்ட் செய்யும்போது போன் வீடியோவை அனுப்புவதில்லை. எந்த வீடியோ என்று மட்டும் சொல்கிறது, டிவி தானே இணையத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. போனுக்குள் இருக்கும் கோப்பை காஸ்ட் செய்யும் ஆப்கள் பல, போனையே ஒரு சின்ன சர்வராக்கி, "இந்த முகவரியில் வந்து எடுத்துக்கொள்" என்று டிவியிடம் சொல்கின்றன. அப்போது டிவி போனை நோக்கிப் புது இணைப்பைத் தொடங்குகிறது. நாம் அடைத்து வைத்திருப்பது அதைத்தான். இதற்காகக் கதவைத் திறக்க வேண்டாம் என்பது என் கருத்து. போனின் திரையையே டிவியில் காட்டும் வசதியை முயன்று பாருங்கள், அல்லது ஒரு பென் டிரைவில் போட்டு டிவியில் சொருகுங்கள். தினமும் தேவைப்பட்டால் மட்டும், அந்த ஆப் பயன்படுத்தும் போர்ட் மாறாமல் இருந்தால், டிவியின் முகவரியிலிருந்து அந்தப் போனின் அந்த ஒரு போர்ட்டுக்கு மட்டும் ஒரு விதி எழுதலாம்.

## பிடிவாதம் பிடிக்கும் பிளக்

உங்கள் பிளக் ஆஃப்லைன் என்பது எனக்கு என் வீட்டுப் பிளக்கை நினைவுபடுத்துகிறது. கீசருக்குப் போட்டிருந்த 16 ஆம்பியர் பிளக். முகவரி 192.168.20.131. ரூட்டரிலிருந்து பிங் செய்தால் உடனே பதில். போனிலிருந்து ஆப்பில் அதே முகவரியைக் கொடுத்தால் பதிலே இல்லை. ஃபயர்வாலில் எல்லாம் சரி, டிவி ஓடுகிறது. இது மட்டும் இல்லை. கடைசியில் ரூட்டரில் `tcpdump` பொதியை நிறுவி, இதை ஓட்டிவிட்டுப் போனில் பொத்தானை அழுத்தினேன்:

```
tcpdump -ni br-iot host 192.168.20.131
```

போனின் 192.168.10.112-இலிருந்து பிளக்குக்கு இணைப்புக் கோரிக்கை போவது தெரிந்தது. ஒரு விநாடி கழித்து மறுபடி. இரண்டு விநாடி கழித்து மறுபடி. பிளக்கிலிருந்து ஒரு வரிகூட இல்லை. அதாவது பாக்கெட் பிளக் வரை போகிறது, பிளக்தான் வாய் திறக்கவில்லை.

தன் நெட்வொர்க்கில் இல்லாத யாருக்கும் பதில் சொல்லாதபடி சில பொருள்களின் ஃபர்ம்வேர் எழுதப்பட்டிருக்கும். 192.168.20-இலிருந்து கேட்டால் பதில், 192.168.10-இலிருந்து கேட்டால் மௌனம். பொருளை மாற்ற முடியாது, ஆனால் அதன் கண்ணுக்குக் கேள்வி பக்கத்திலிருந்தே வருவது போலக் காட்டலாம். ஃபயர்வாலில் `iot` மண்டலத்தின் கீழ் ஒரே ஒரு வரி:

```
	option masq '1'
```

இதற்குப் பிறகு போனிலிருந்து போகும் பாக்கெட்டுகளில் அனுப்புநர் முகவரியை ரூட்டர் 192.168.20.1 என்று மாற்றிவிடும். பிளக் பக்கத்து ஆள் கேட்பதாக நினைத்துப் பதில் சொல்லும், ரூட்டர் அதைப் போனுக்குத் திருப்பிவிடும். வரியைச் சேர்த்து ஃபயர்வாலை மறுபடி தொடங்கியதும் என் கீசர் பிளக் ஆப்பில் பச்சையானது. ரூட்டரிலிருந்து பிங் வருகிறது, போனிலிருந்து வரவில்லை என்றால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

உங்கள் பிளக்கின் ஆப்பில் முகவரி தட்டச்சு செய்ய இடமே இல்லாவிட்டால் விஷயம் வேறு. எல்லாப் பொருளும் எம்டிஎன்எஸ்ஸில் குரல் கொடுப்பதில்லை. டிஎல்என்ஏ வகை டிவிகளும் மீடியா சர்வர்களும் எஸ்எஸ்டிபி என்ற முறையில் 239.255.255.250 முகவரி, 1900 போர்ட்டில் தேடும். டூயா என்ற நிறுவனத்தின் தொழில்நுட்பத்தில் செய்த பல பிராண்டு பொருள்கள் யுடிபி 6666, 6667 போர்ட்களில் தங்கள் நெட்வொர்க் முழுக்க பிராட்காஸ்ட் செய்யும். அவாஹி இவை எதையும் தொடாது. இவற்றை எடுத்துப் போகத் தனி ரிலே நிரல்கள் உண்டு. ஆனால் ஒரு பிளக்குக்காக அவ்வளவு தூரம் போக நான் சொல்ல மாட்டேன். அந்தப் பிளக்குக்கு இணைய வழி இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். புதிதாக ஒரு பொருளைச் சேர்க்கும்போதும் இதே பிராட்காஸ்ட் பிரச்சினை வரும். அப்போது போனைப் பத்து நிமிடம் `iot` வைஃபைக்கு மாற்றி, சேர்த்து முடித்துவிட்டுத் திரும்பிவிடுங்கள்.

## ரூட்டர் மாற்ற முடியாதவர்களுக்கு

இந்த ரூட்டர் வேலையெல்லாம் வேண்டாம், வீட்டில் சாதாரண ரூட்டர் ஒன்று சும்மா கிடக்கிறது என்றால் அதை வைத்தும் ஓரளவு செய்யலாம். ஃபைபர் பெட்டியின் வைஃபையில் பொருள்கள், அதன் பின்னால் வேன் போர்ட் வழியாக இணைத்த உங்கள் ரூட்டரின் வைஃபையில் போனும் லேப்டாப்பும். பின்னால் இருக்கும் ரூட்டர் தானாகவே ஒரு பக்கம் மட்டும் திறக்கும் கதவாகிவிடும். உள்ளே இருக்கும் போன் வெளியே இருக்கும் பிரிண்டரோடு பேசலாம், வெளியே இருப்பவை உள்ளே நுழைய முடியாது.

பலர் இதைத் தலைகீழாகச் செய்வார்கள். பொருள்களைப் பின்னால் வைத்த ரூட்டரில் போட்டுவிட்டு, "தனியாகப் பிரித்துவிட்டேன்" என்று நிம்மதியாக இருப்பார்கள். உண்மையில் அப்போது கேமராவிலிருந்து லேப்டாப்புக்குத் தாராளமாக வழி இருக்கும், லேப்டாப்பிலிருந்து கேமராவுக்குத்தான் இருக்காது. எது பாதுகாக்கப்பட வேண்டுமோ அது பின்னால் இருக்க வேண்டும்.

இந்த அமைப்புக்கு இரண்டு குறைகள். போனின் இணையப் போக்குவரத்து எல்லாம் பொருள்கள் இருக்கும் நெட்வொர்க் வழியாகத்தான் வெளியே போகிறது. கெட்டுப்போன கேமரா ஒன்று இடையில் புகுந்து ஒட்டுக்கேட்க முயல வாய்ப்பு உண்டு. இணையதளங்கள் பெரும்பாலும் மறைகுறியாக்கம் செய்யப்பட்டிருப்பதால் உள்ளடக்கம் தெரியாது, ஆனால் தடுப்பு முழுமையானது இல்லை. இன்னொரு குறை, ரிஃப்ளெக்டர் இல்லாததால் காஸ்ட் ஐகான் வராது. அப்படியானால் டிவியை மட்டும் போன் இருக்கும் வைஃபையில் வைத்துவிடுங்கள். நன்கு தெரிந்த நிறுவனத்தின், இன்னும் அப்டேட் வந்துகொண்டிருக்கும் டிவி என்றால் அது ஏற்கத்தக்க சமரசம் என்றே நினைக்கிறேன். பெயர் தெரியாத கேமராவையும் கேமராக் காட்சிகளைப் பதிவு செய்யும் பழைய டிவிஆர் பெட்டியையும் மட்டும் எக்காரணம் கொண்டும் உள்ளே விடாதீர்கள். 2016 இல் மிராய் என்ற நச்சுநிரல், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல் மாறாத கேமராக்களையும் டிவிஆர்களையும்தான் லட்சக்கணக்கில் பிடித்தது.

கூகுள், அலெக்ஸா ஸ்பீக்கர் இருந்தால் அதைப் பல்புகள் இருக்கும் பக்கமே வையுங்கள். மேட்டர் என்ற ஸ்மார்ட் வீட்டுத் தரநிலையின் முத்திரை உள்ள பொருள்கள் ஐபிவி6-ஐ நம்பி இயங்குகின்றன, மேலே சொன்ன அவாஹி அமைப்பு அதை எடுத்துப் போகாது. அவற்றையும் அவற்றை ஆளும் ஹப்பையும் ஒரே நெட்வொர்க்கில் வைத்துவிட்டால் பெரும்பாலும் தொல்லை இருக்காது.

எல்லாம் முடிந்ததும் ஒரு கடைசிச் சோதனை. லேப்டாப்பை `iot` வைஃபையில் சேர்த்து, உலாவியில் 192.168.10.1, 192.168.20.1 இரண்டையும் திறந்து பாருங்கள். இரண்டும் திறக்கக் கூடாது. பிறகு `lan` வைஃபையில் இருக்கும் இன்னொரு கணினியின் முகவரிக்கு பிங் செய்யுங்கள், பதில் வரக் கூடாது. பதில் வந்தால் ஃபயர்வால் கோப்பில் `src 'iot'`, `dest 'lan'` என்ற வரிகளோடு ஒரு பகுதி எங்காவது இருக்கும். அதைத் தேடி நீக்கிவிட்டு மறுபடி பாருங்கள்.